பணம் வரவில்லை, பற்று மட்டும் விழுந்தது: கிளை மேலாளருக்கு எழுதும் கடிதம்

ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைச் செருகித் தொகையைக் கேட்கிறோம். இயந்திரத்தின் உள்ளே நோட்டுகள் எண்ணப்படும் ஓசை கேட்கிறது. ஆனால் நோட்டுகள் வெளிவரவில்லை. சிறிது நேரத்தில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது: தொகை கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. தவறாகப் பற்று வைக்கப்பட்ட தொகை குறித்து எமது கிளைகளுக்கு வரும் கடிதங்களில் இவ்வகை அடிக்கடி காணப்படுவது. இதற்கான கடிதத்தை எவ்வாறு எழுத வேண்டும், அதில் உள்ள ஒவ்வொரு விவரமும் எதற்குப் பயன்படுகிறது என்பதை இப்பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காண்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரே தொடங்கிய பரிவர்த்தனை நிறைவேறாமல் போய்ப் பற்று மட்டும் விழுந்தால் அது 'தோல்வியுற்ற பரிவர்த்தனை'. வாடிக்கையாளர் அறியாமலேயே வேறொருவர் பணம் எடுத்திருந்தால் அது 'அங்கீகாரமற்ற பரிவர்த்தனை'. இரண்டாவது வகையில் கடிதம் எழுதுவதற்கு முன்னரே அட்டையை முடக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி மூன்று வேலை நாள்களுக்குள் அறிவிப்பதா, அதற்குப் பின் அறிவிப்பதா என்பதைப் பொறுத்து வாடிக்கையாளரின் பொறுப்பே மாறக்கூடும். இவ்விரண்டும் வங்கிக்குள் வெவ்வேறு பிரிவுகளுக்குச் செல்கின்றன. 'என் பணம் காணாமற் போய்விட்டது' என்று மட்டும் எழுதினால், கடிதம் எந்தப் பிரிவுக்குரியது என்பதை அறியவே சில நாள்கள் கழிந்துவிடும். இக்கட்டுரை முதல் வகையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

பற்று விழுந்தும் பணம் வராமற் போவது ஏன்?

வாடிக்கையாளர் தம் வங்கியின் அட்டையை வேறொரு வங்கியின் இயந்திரத்தில் பயன்படுத்துவதாகக் கொள்வோம். இயந்திரம் கோரிக்கையைத் தன் வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் எனப்படும் இணைப்பு வலையமைப்பின் வழியாக, அட்டையை வழங்கிய வங்கிக்கு வந்து சேர்கிறது. இந்த வலையமைப்பை நடத்துவது என்.பி.சி.ஐ. அட்டை வழங்கிய வங்கி இருப்பைச் சரிபார்த்து, கணக்கில் பற்று வைத்து, 'வழங்கலாம்' என்னும் விடையைத் திருப்பி அனுப்புகிறது. அதன் பின்னரே இயந்திரம் நோட்டுகளை வெளியே தள்ளுகிறது.

எனவே வரிசை இதுதான்: முதலில் பற்று, பிறகு பணம். இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு அறுந்தாலோ, நோட்டு வழங்கும் பகுதியில் தாள் சிக்கிக்கொண்டாலோ, பற்று நின்றுவிடும், பணம் வராது. இத்தகைய நிலையில் இயந்திரம் 'பணம் வழங்கப்படவில்லை' என்னும் மறுதலிப்புச் செய்தியை அனுப்ப வேண்டும். அச்செய்தி வந்து சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே தொகை கணக்கில் திரும்ப வரவாகிவிடும். அதுவும் வழியில் தவறிப்போனால், இரு வங்கிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணியின்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

அவ்வாறு வெளிப்படுவதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று, இயந்திரத்தின் உள்ளே ஒவ்வொரு செயலும் நேரத்துடன் பதிவாகும் மின்னணுக் குறிப்பேடு. மற்றொன்று, இயந்திரத்தில் நிரப்பிய பணத்தையும், வழங்கிய பணத்தையும், எஞ்சிய பணத்தையும் ஒப்பிடும் ரொக்கக் கணக்கு. வாடிக்கையாளருக்கு வழங்கப்படாத பத்தாயிரம் ரூபாய், ரொக்கக் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் மிகையாகத் தோன்ற வேண்டும். இவ்விரு சான்றுகளும் இயந்திரத்துக்கு உரிய வங்கியிடம் உள்ளன. நமது வங்கியிடம் இல்லை. ஆயினும் கடிதத்தை இயந்திரத்துக்கு உரிய வங்கிக்கு எழுதுதல் கூடாது. கணக்கும் அட்டையும் எந்த வங்கிக்குரியவையோ அந்த வங்கியின் கிளைக்கே எழுத வேண்டும். மற்ற வங்கியிடம் கோரிக்கை எழுப்பிச் சான்றுகளைப் பெறுவது நமது வங்கியின் கடமை.

கால வரம்பு

ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை, தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்குக் கால வரம்பை விதித்துள்ளது. ஏ.டி.எம். இயந்திரத்தில் பற்று விழுந்து பணம் வராத நிலையில், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு வாடிக்கையாளரின் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். இழப்பீட்டுக்காக வாடிக்கையாளர் விண்ணப்பிக்கும் வரை வங்கி காத்திருக்கக் கூடாது என்பதும் அச்சுற்றறிக்கையின் கருத்தே. பரிவர்த்தனை நாள் என்பது நாட்காட்டித் தேதியைக் குறிக்கும். இடையில் வரும் விடுமுறைகளைக் கழித்து எண்ணுதல் இல்லை. பரிவர்த்தனை தோல்வியுற்றதற்கு வாடிக்கையாளர் நேரடிக் காரணமாக இருந்தால் இவ்விதி பொருந்தாது.

இதிலிருந்து கடிதம் எழுதுவோர்க்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஐந்து நாள்கள் முடியும் முன்னரே தொகை தானாகத் திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. ஆகவே கடிதம் எழுதும் நாளன்று கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. திரும்ப வந்த தொகை, பற்று விழுந்த தேதிக்கு அருகில் இராமல் சில வரிகளுக்குக் கீழே வரவுப் பத்தியில் இருக்கும். அதைக் காணாமல் கடிதம் கொடுப்போர் பலர். இரண்டாவது, ஐந்து நாள்கள் காத்திருக்கலாம் என்பதால் அறிவிக்காமலும் இருந்துவிடக் கூடாது. நிகழ்ந்த அன்றோ மறுநாளோ வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கண்காணிப்புக் கருவியின் ஒளிப்பதிவு எல்லாக் காலத்துக்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. விரைந்து பதிவான புகாரே அதைக் காக்கும்.

எடுத்துக்காட்டு

இனி ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள எண்கள் யாவும் பாடத்துக்காக அமைக்கப்பட்டவை.

ஒரு வாடிக்கையாளரின் சேமிப்புக் கணக்கில் 24,600 ரூபாய் இருப்பு உள்ளது. பயணத்தின்போது நாகபுரி இரயில் நிலையத்தில், வேறொரு வங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்தில், 2025 மார்ச் 3ஆம் நாள் இரவு 7.42 மணிக்கு 10,000 ரூபாய் கேட்கிறார். பணமும் வரவில்லை, சீட்டும் வரவில்லை. சற்றுக் காத்திருந்து 7.46 மணிக்கு அதே இயந்திரத்தில் மீண்டும் 10,000 ரூபாய் கேட்கிறார். இம்முறை பணமும் சீட்டும் வருகின்றன. இரண்டு குறுஞ்செய்திகள் வருகின்றன. இருப்பு 4,600 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது.

மார்ச் 5ஆம் நாள், வீட்டுக் கடனுக்கான மாதத் தவணை 8,450 ரூபாய் அக்கணக்கிலிருந்து தானியங்கியாக எடுக்கப்பட வேண்டியிருந்தது. முதற்பற்று விழாமல் இருந்திருந்தால் இருப்பு 14,600 ரூபாயாக இருந்திருக்கும், தவணை சென்றிருக்கும். இருப்பு போதாமையால் தவணை திரும்பிவிட்டது. அதற்கான திரும்புகைக் கட்டணமாக வரி உட்பட 295 ரூபாயும் பற்று வைக்கப்பட்டது.

வாடிக்கையாளர் மார்ச் 4ஆம் நாளே தொலைபேசியில் புகார் பதிவு செய்துவிட்டார். ஐந்து நாள் வரம்பு மார்ச் 8ஆம் நாளோடு முடிகிறது. அது இரண்டாம் சனிக்கிழமை என்பதால் வரம்பு நீளாது. மார்ச் 10, திங்கட்கிழமை கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டுப் பார்த்தபோதும் தொகை திரும்பியிருக்கவில்லை. அன்றே கிளையில் அளித்த கடிதம் பின்வருமாறு:

அனுப்புநர்:
(பெயர், முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயர், கிளை)

நாள்: 10.03.2025

பொருள்: ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வழங்கப்படாமல் பற்று வைக்கப்பட்ட ரூ.10,000-ஐத் திரும்ப வரவு வைக்கக் கோருதல் – சேமிப்புக் கணக்கு எண் (முழு எண்).

ஐயா / அம்மையீர்,

1. தங்கள் கிளையில் மேற்கண்ட சேமிப்புக் கணக்கு வைத்துள்ளேன். அக்கணக்குக்குரிய டெபிட் கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 4471.

2. 03.03.2025 அன்று இரவு 7.42 மணிக்கு, நாகபுரி இரயில் நிலையத்தில் உள்ள (வங்கியின் பெயர்) ஏ.டி.எம். இயந்திரத்தில் (இயந்திர எண் 00274) ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் சிறிதும் வழங்கப்படவில்லை, சீட்டும் வரவில்லை. ஆயினும் என் கணக்கில் ரூ.10,000 பற்று வைக்கப்பட்டுள்ளது. இப்பரிவர்த்தனையின் குறிப்பு எண் 506219004512.

3. அதே இயந்திரத்தில் இரவு 7.46 மணிக்கு நான் மீண்டும் எடுத்த ரூ.10,000 முழுமையாகக் கிடைத்தது. அதன் குறிப்பு எண் 506219004537. இது குறித்து எனக்குக் கோரிக்கை ஏதுமில்லை.

4. இது தொடர்பாக 04.03.2025 அன்று தொலைபேசி வழியாகப் புகார் அளித்துள்ளேன் (புகார் எண் ......). இன்று வரை தொகை திரும்ப வரவாகவில்லை.

5. எனவே, (அ) ரூ.10,000-ஐ என் கணக்கில் திரும்ப வரவு வைக்குமாறும், (ஆ) ரிசர்வ் வங்கியின் 20.09.2019 நாளிட்ட சுற்றறிக்கைப்படி, 08.03.2025-க்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வீதம், தொகை வரவாகும் நாள் வரை இழப்பீடு வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

6. மேற்படி பற்றினால் இருப்புக் குறைந்து, 05.03.2025 அன்று என் வீட்டுக் கடன் தவணை ரூ.8,450 திரும்பியது. அதற்கான கட்டணம் ரூ.295-ஐத் திருப்பி அளிப்பது குறித்துத் தாங்கள் பரிவுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு: 01.03.2025 முதல் 10.03.2025 வரையிலான கணக்குப் பக்கத்தின் நகல், இரண்டு குறுஞ்செய்திகளின் அச்சு, இரண்டாம் பரிவர்த்தனையின் சீட்டு நகல்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர்)

கடிதத்தின் ஒவ்வொரு பத்தியும் செய்யும் பணி

இக்கடிதம் ஒரே பக்கத்தில் அடங்கும். கிளையில் இதைப் பெறும் அலுவலர் செய்யும் முதற்பணி, புகாரைக் கணினியில் பதிந்து, வங்கியின் மையச் சரிபார்ப்புப் பிரிவுக்கு அனுப்புவது. தொகையைத் திரும்ப வரவு வைக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிளை மேலாளரின் கையில் இராது. மற்ற வங்கியிடம் கோரிக்கை எழுப்பும் பணியை அந்த மையப் பிரிவே செய்கிறது. ஆகவே கடிதம் மேலாளரின் மனத்தை இளகச் செய்ய வேண்டியதில்லை. மையப் பிரிவில் இருப்பவர் பல்லாயிரம் பரிவர்த்தனைகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் தேடி எடுக்க உதவ வேண்டும்.

அதற்குத் தேவையானவை நாள், நேரம், தொகை, இயந்திர எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், குறிப்பு எண் ஆகியவை. குறிப்பு எண் என்பது ஆர்.ஆர்.என். எனப்படும் பன்னிரண்டு இலக்க எண். இது சீட்டில் அச்சாகும். பல வங்கிகளின் கணக்கு விவரத்தில் பரிவர்த்தனை வரியிலேயே காணப்படும். சீட்டு வராத முதற்பரிவர்த்தனைக்கு இது தெரியவில்லையெனில், கிளை அலுவலரிடம் கேட்டால் கணினியில் பார்த்துச் சொல்வார். அட்டையின் முழு எண்ணையும், இரகசிய எண்ணையும், அட்டையின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண்ணையும் கடிதத்தில் ஒருபோதும் எழுதுதல் கூடாது. தொகையைத் திருப்ப அவை எவருக்கும் தேவைப்படுவதில்லை.

மூன்றாம் பத்தி தேவையற்றது போலத் தோன்றலாம். கிடைத்த பணத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? இவ்வகைக் கடிதங்கள் சிக்கலாவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஒரே நாள், ஒரே இயந்திரம், ஒரே அட்டை, ஒரே தொகை; நான்கு நிமிட இடைவெளி மட்டுமே வேறுபாடு. 'மார்ச் 3 அன்று பத்தாயிரம் ரூபாய் வரவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், இயந்திரத்துக்கு உரிய வங்கி 7.46 மணிப் பதிவைத் தேடி எடுத்து, 'பணம் வழங்கப்பட்டது' என்று விடையளிக்க வாய்ப்புண்டு. அந்த விடை பொய்யன்று. வேறொரு கேள்விக்கான விடை. இரண்டு பரிவர்த்தனைகளையும் தனித்தனிக் குறிப்பு எண்ணோடு பிரித்துக் காட்டிவிட்டால் இக்குழப்பத்துக்கு இடமில்லை.

இரண்டாம் பத்தியில் 'பணம் சிறிதும் வழங்கப்படவில்லை' என்று எழுதியிருப்பதும் கருதத்தக்கது. சில வேளைகளில் இயந்திரம் கேட்ட தொகையில் ஒரு பகுதியை மட்டும் வழங்கிவிடும். அவ்வாறு ஆறாயிரம் ரூபாய் வந்திருந்தால், வந்தது ரூ.6,000, வராதது ரூ.4,000 என்று இரண்டையும் எழுத வேண்டும். முழுத்தொகையும் வரவில்லை என்று எழுதினால் ரொக்கக் கணக்கோடு அது பொருந்தாது. உண்மையான நான்காயிரமும் அதனால் தடைப்படும்.

ஐந்தாம் பத்தியும் ஆறாம் பத்தியும் பிரித்து எழுதப்பட்டுள்ளன. ஐந்தாம் பத்தியில் இருப்பவை உரிமைகள். 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதே போதும். ஆறாம் பத்தியில் இருப்பது அத்தகையதன்று. தவணை திரும்பியது மார்ச் 5ஆம் நாள்; அன்று வங்கிக்கு வழங்கப்பட்ட ஐந்து நாள் வரம்பு முடியவில்லை. மேற்படி சுற்றறிக்கை கூறும் இழப்பீடு தாமதத்துக்கானது. வரம்புக்குள் நேரும் பின்விளைவுகளை அது பேசவில்லை. ஆகவே 295 ரூபாயைத் திருப்பி அளிப்பது வங்கியின் பரிசீலனைக்கு உட்பட்டது. பற்றுக்கும் தவணைத் திரும்புகைக்கும் உள்ள தொடர்பு கணக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரியும்போது, இத்தகைய வேண்டுகோள் ஏற்கப்படுவதற்கு நல்ல வாய்ப்புண்டு. அத்தொடர்பைக் காட்டவே மார்ச் 1 முதல் 10 வரையிலான முழுப் பக்கமும் இணைக்கப்பட்டுள்ளது. பற்று விழுந்த ஒற்றை வரி போதாது.

வீட்டுக் கடன் வேறொரு நிறுவனத்தில் இருந்து, அந்நிறுவனமும் அபராதம் விதித்திருந்தால், அதைத் திருப்பி அளிக்க நமது வங்கியால் இயலாது. ஆனால் தொகை எந்நாளில் பற்று வைக்கப்பட்டு எந்நாளில் திரும்ப வரவானது என்பதைக் காட்டும் கடிதம் ஒன்றைக் கிளையிடம் கேட்டுப் பெறலாம். அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும், தாமதக் குறிப்பு கடன் வரலாற்றில் ஏறாமல் தடுக்கவும் கடன் வழங்கிய நிறுவனத்திடம் அக்கடிதத்தைக் காட்டி வேண்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பிய தவணையை வேறு வழியில் உடனே செலுத்திவிடுவது நலம். பத்தாயிரம் ரூபாய் வரும் வரை தவணையை நிறுத்திவைத்தால், அதனால் சேரும் வட்டிக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இன்னொரு சிறு செய்தி. இயந்திரக் கோளாறு, தொடர்புக் கோளாறு ஆகியவற்றால் நிறைவேறாத முயற்சியை, மாதந்தோறும் அனுமதிக்கப்படும் இலவசப் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையில் சேர்த்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டு மாதத்தில் தெளிவுபடுத்தியுள்ளது. கணக்குப் பக்கத்தில் அதற்கான கட்டணம் காணப்பட்டால், ஐந்தாம் பத்தியில் அதையும் மூன்றாம் கோரிக்கையாகச் சேர்க்கலாம்.

கடிதம் கொடுத்த பின்

கடிதத்தை இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒரு படியில் நாளிட்ட முத்திரையும் அலுவலரின் சுருக்கொப்பமும் பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னாளில் நாள்களை எண்ண வேண்டிய நிலை வந்தால் அம்முத்திரையே சான்றாகும்.

நமது எடுத்துக்காட்டில், தொகை மார்ச் 20ஆம் நாள் திரும்ப வரவானதாகக் கொள்வோம். மார்ச் 9 முதல் 20 வரை தாமதம் 12 நாள்கள். இழப்பீடு 1,200 ரூபாய். இழப்பீட்டைக் கணக்கிடும்போது கடிதம் கொடுத்த மார்ச் 10ஆம் நாளுக்கு இடமில்லை; பரிவர்த்தனை நாளும் தொகை வரவான நாளும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. பத்தாயிரம் ரூபாய் ஒரு வரியாகவும், இழப்பீடு மற்றொரு வரியாகவும் கணக்கில் வரும். முதல் வரி மட்டும் வந்து இரண்டாவது வராதிருந்தால், அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு நான்கு வரிகளில் நினைவூட்டுக் கடிதம் எழுதினால் போதும்.

வேறொரு நிலையும் ஏற்படலாம். 'இயந்திரத்துக்கு உரிய வங்கியின் பதிவின்படி பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது. ஆகவே கோரிக்கை ஏற்கப்படவில்லை' என்னும் விடை வரலாம். சில வேளைகளில் தொகை முதலில் வரவாகி, இவ்விடை வந்ததும் மீண்டும் பற்று வைக்கப்படுவதும் உண்டு. இதைக் கண்டு கோரிக்கையைக் கைவிடத் தேவையில்லை. இரண்டாவது கடிதத்தில் மூன்று சான்றுகளைக் கேட்க வேண்டும்: அந்தப் பரிவர்த்தனைக்குரிய மின்னணுக் குறிப்பேட்டின் நகல், அந்நாளுக்குரிய ரொக்கக் கணக்கு அறிக்கை, கண்காணிப்புக் கருவியின் ஒளிப்பதிவு.

குறிப்பேட்டின் நகல் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியவை அதிலுள்ள நேரமும் குறிப்பு எண்ணும். 7.46 என்றும், 4537 என்று முடியும் எண்ணும் இருந்தால், வந்திருப்பது தவறான பரிவர்த்தனையின் பதிவு. முதற்கடிதத்தின் மூன்றாம் பத்தியைச் சுட்டிக்காட்டி, 4512 என்று முடியும் எண்ணுக்குரிய பதிவைக் கேட்க வேண்டும். எண் சரியாக இருந்தால், நோட்டுகள் வழங்கப்பட்டதாகக் குறிப்பேடு கூறுகிறதா, அல்லது பிழைக்குறி ஏதேனும் பதிவாகியுள்ளதா என்று கிளை அலுவலரின் உதவியோடு பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் வழங்கப்பட்டதாகவும், ரொக்கக் கணக்கில் மிகை ஏதுமில்லை எனவும், ஒளிப்பதிவில் நோட்டுகள் எடுக்கப்படுவதாகவும் மூன்றும் ஒன்றுபட்டால் கோரிக்கை நிற்காது. நோட்டுகள் சற்றுத் தாமதித்து வெளிவந்து, அடுத்து நின்றவர் எடுத்துச் சென்றதும் அந்த ஒளிப்பதிவில் தெரியவரலாம். பணம் வராத இயந்திரத்தை விட்டு உடனே விலகாமல், திரை தொடக்க நிலைக்குத் திரும்பும் வரை நின்று பார்க்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

புகார் அளித்து 30 நாள்கள் கடந்தும் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. cms.rbi.org.in என்னும் தளத்தில் புகாரைப் பதியலாம். அங்கு முதலில் கேட்கப்படுவது, வங்கியிடம் எந்நாளில் எழுத்து வழியாகப் புகார் அளித்தீர்கள் என்பதே. முத்திரையிட்ட படி கையில் இருப்போர்க்கு அக்கேள்விக்கு விடையளிப்பது எளிது. தொலைபேசியில் மட்டும் பேசியவர்கள் அங்கிருந்து மீண்டும் கிளைக்கே வந்து, கடிதத்தில் தொடங்க நேரிடும்.